அம்மாவின் அறுபதாவது பிறந்தநாள், அவருக்குத் தெரியாமல்: எங்கே கசியும், எப்படி அடைப்பது

திருகோணமலை பெரிய ஊர் இல்லை. நீங்கள் கேக்குக்குச் சொல்லப் போகும் பேக்கரிக்காரர் அம்மாவிடம் படித்தவராக இருப்பார். கதிரை ஏற்றிவரும் ஆட்டோக்காரர்தான் அம்மாவைச் சந்தைக்கும் கூட்டிப்போகிறவர். அதனால் இங்கே ஒருவருக்குத் தெரியாமல் அவருக்கே விழா எடுக்கும்போது ரகசியம் இரண்டு வழியால் கசியும்: ஒன்று போன், மற்றது ஊர்வாய். கசிந்தால் எப்படித் தெரியும், அப்போது என்ன செய்வது என்பதை அறிகுறி வாரியாக எழுதுகிறேன். உங்களுக்கு வந்திருக்கும் சிக்கல் எதுவோ அந்தப் பகுதிக்கு நேரே போகலாம். ஆனால் மறைகதை, அதாவது அம்மாவை வீட்டிலிருந்து வெளியே கூட்டிப்போகச் சொல்லும் காரணம், பற்றிய பகுதியை மட்டும் எல்லோரும் படித்துவிடுங்கள்.

விளக்குவதற்கு ஒரு வீட்டை எடுத்துக்கொள்வோம். உவர்மலையில் ஆசிரியையாக இருந்த அம்மா. ஆகஸ்ட் மாதம், வெள்ளிக்கிழமை, அறுபது வயது. இளைய மகள் அம்மாவோடு இருக்கிறாள், மகன் ஊருக்குள் தனி வீட்டில், மூத்த மகள் டொரண்டோவில், சித்தி நிலாவெளியில். முப்பத்தைந்து பேர்வரை வருவார்கள். விழா அம்மாவின் சொந்த வீட்டிலேயே. அவர் மாலை 6.45க்கு வாசலில் காலடி வைக்க வேண்டும்.

அறிகுறி: குறூப்பில் செய்தி மழை, ஆனால் கேக்குக்கு யார் சொன்னது என்று யாருக்கும் தெரியாது

முப்பத்தைந்து பேரையும் முதல் நாளே ஒரே வாட்ஸ்அப் குறூப்பில் சேர்த்தால் இதுதான் நடக்கும். பலூன் நிறம் பற்றி நாற்பது செய்தி வரும். "கேக் யார் பார்க்கிறது?" என்ற கேள்விக்கு ஆறு பேர் கட்டைவிரல் காட்டுவார்கள். ஆறு பேரும் மற்ற ஐவர் பார்ப்பதாக நினைப்பார்கள். அல்லது இரண்டு கேக் வந்து நிற்கும்.

இரண்டு குறூப்பாகப் பிரியுங்கள். சின்னதில் வேலை செய்கிறவர்கள் மட்டும், நாலைந்து பேர். பெரியதை விழாவுக்கு மூன்று நாள் முன்னர்தான் திறக்க வேண்டும். அதில் அட்மின் மட்டும் எழுதும்படி வைத்து, நாலு விஷயம் போட்டால் போதும்: எத்தனை மணிக்கு வரவேண்டும், வாகனத்தை எங்கே விடவேண்டும், அம்மாவே கேட்டால் என்ன சொல்லவேண்டும், சந்தேகம் என்றால் யாருக்கு எடுக்கவேண்டும். அந்தச் செய்தியைப் பின் பண்ணிவிடுங்கள்.

சின்னக் குறூப்பில் வேலையை ஆளுக்கு ஒன்றாகக் கொடுங்கள், ஒரு வேலைக்கு இரண்டு பேர் வேண்டாம். நம் வீட்டில் இப்படிப் பிரிக்கலாம். மகன் ஒருங்கிணைப்பு, கடைசி முடிவு அவனுடையது. இளைய மகள் அம்மாவை வெளியே கூட்டிப்போகிறவள். சித்தி சாப்பாடும் கேக்கும். மருமகள் சோடனையும் வாசலும். டொரண்டோ அக்கா வெளிநாட்டுச் சொந்தங்கள். காசு எல்லாம் மகனிடம் வரும், அவனே கணக்கு எழுதுவான். ஒரு வேலை முடிந்தால் அதற்குரியவர் மட்டும் "கேக் சொல்லியாச்சு, வெள்ளி பின்னேரம் 4 மணிக்கு எடுக்கிறது" என்று முழு வசனமாக எழுத வேண்டும். கட்டைவிரலை வேலை முடிந்ததாகக் கணக்கெடுக்காதீர்கள்.

அறிகுறி: "ஏன் என்னைக் கண்டதும் போனைக் கவிழ்க்கிறாய்?"

இப்படி அம்மா கேட்டால் பெரும்பாலும் அவர் செய்தியைப் பார்த்திருக்க மாட்டார். உங்கள் முகத்தைத்தான் பார்த்திருக்கிறார். ஆனாலும் போனைச் சரிபார்ப்பது நல்லது, ஏனென்றால் ஒரே வீட்டில் இருக்கும்போது கசியும் இடங்கள் சில உண்டு.

முதலாவது, பூட்டிய திரையில் வரும் அறிவிப்பு. சார்ஜில் போட்ட போன் சாப்பாட்டு மேசையில் கிடக்கும்போது "சித்தி: கேக்கில அம்மான்ர பேர் எப்பிடி எழுத?" என்று ஒளிர்ந்தால் எல்லாம் முடிந்தது. இளைய மகளின் போனில் அந்தக் குறூப்பை மியூட் செய்வது போதாது. மியூட் சத்தத்தைத்தான் நிறுத்தும், எழுத்து திரையில் வரலாம். திரையில் செய்தியின் உள்ளடக்கம் காட்டாதபடி போன் செட்டிங்ஸில் மாற்றி, குறூப்பை ஆர்கைவ் செய்துவிட வேண்டும்.

இரண்டாவதைப் பலர் யோசிப்பதே இல்லை. வீட்டுக் கம்ப்யூட்டரில் யாரோ எப்போதோ வாட்ஸ்அப் வெப் திறந்துவிட்டு அப்படியே விட்டிருப்பார்கள். `Linked devices` என்ற இடத்தில் போய்ப் பார்த்து, தேவையில்லாததை வெளியேற்றுங்கள். மூன்றாவது, படங்கள். ஆண்ட்ராய்ட் போனில் குறூப்பில் வரும் படம் தானாக கேலரிக்குள் போய்விடும். "போன கிழமை கோயில் படம் காட்டு பிள்ளை" என்று அம்மா கேட்டு விரலால் தள்ளும்போது கேக் மாதிரிப் படம் நடுவில் வரும். அந்தக் குறூப்புக்கு மட்டும் `Media visibility` என்பதை நிறுத்தலாம்.

குறூப்பின் பெயரும் முக்கியம். "அம்மா 60" என்று பலூன் போட்டுப் பெயர் வைக்காதீர்கள். யாருக்கும் திறந்து பார்க்க ஆசை வராத பெயர் வையுங்கள், "உவர்மலை தண்ணி லைன்" மாதிரி. இன்னொரு காரணமும் உண்டு. யாராவது கைதவறி அம்மாவையே குறூப்பில் சேர்த்துவிட்டால், உடனே நீக்கினாலும் அந்தக் குறூப் பெயர் அவருடைய போனில் நிற்கும். தண்ணி லைன் என்றால் யாரும் கவலைப்பட மாட்டார்கள். அப்படிச் சேர்ப்பதைத் தடுக்க, `Add other members` என்பதை அட்மின்மாருக்கு மட்டும் ஆக்கிவிடுங்கள்.

அறிகுறி: செய்தி தவறிக் குடும்பக் குறூப்புக்குப் போய்விட்டது

இங்கே செய்கிற வேலையின் வரிசைதான் முக்கியம். முதலில் அந்தச் செய்தியை அழுத்திப் பிடித்து `Info` பாருங்கள். இரண்டு விநாடி வேலை. குறூப்பில் நீல டிக்கை யாரும் மறைக்க முடியாது. அம்மா தன் போனில் அதை நிறுத்தி வைத்திருந்தாலும் குறூப் செய்தியை வாசித்தாரா என்பது தெரியும்.

`Read by` என்பதன் கீழ் அவர் இல்லையென்றால் உடனே `Delete for everyone`. அவசரத்தில் `Delete for me` என்று அழுத்தினால் உங்கள் போனில் மட்டும் போகும், அம்மாவின் போனில் அப்படியே இருக்கும். அதற்கும் வழி உண்டு. கீழே சில விநாடிகள் `Undo` தெரியும், அதைப் பிடித்துவிட்டால் திரும்ப அழிக்கலாம். அதுவும் தவறினால் அந்தக் குறூப்பின் அட்மினுக்குக் கோல் எடுங்கள், அட்மின் மற்றவர்களுடைய செய்தியையும் எல்லோருக்குமாக அழிக்கலாம்.

அழித்த இடத்தில் செய்தி அழிக்கப்பட்டது என்ற தடம் நிற்கும். அதன் கீழே உடனே சாதாரணமான எதையாவது போடுங்கள்: "சொறி, ஆபீஸ் மெசேஜ் மாறி வந்திட்டு." அதோடு நிறுத்துங்கள். பத்துப் பேர் சேர்ந்து சமாளிக்க வந்தால்தான் சந்தேகம் வரும்.

அவர் ஏற்கெனவே வாசித்திருந்தால் அழிக்கக் கூடாது. வாசித்த ஒன்று மறைந்தால் அது பெரிய விஷயம் என்று அவருக்கு உறுதியாகிவிடும். செய்தி எவ்வளவு சொல்கிறது என்று பாருங்கள். "கேக் 4 மணிக்கு" என்று மட்டும் இருந்தால், "ஓம் அம்மா, வெள்ளிக்கிழமை வீட்டில கேக் வெட்டுவம் எண்டு பாத்தம்" என்று பாதியை ஒத்துக்கொள்ளுங்கள். அம்மாவும் இரண்டு பிள்ளைகளும் கேக் வெட்டும் படம் அவர் மனதில் வந்துவிட்டால், முப்பத்தைந்து பேர் என்ற படம் வராது.

அறிகுறி: "எனக்கு ஏலாது பிள்ளை, நீங்கள் போட்டு வாங்கோ"

எல்லாவற்றிலும் அதிகமாகக் கவிழ்வது இதில்தான். பலரும் மறைகதை என்றால் நம்பும்படியான பொய் என்று நினைக்கிறார்கள். பொய்யாக இருந்தால் அவர் மறுக்கலாம், நேரத்தை மாற்றலாம், வேறொருவரிடம் விசாரிக்கலாம். அப்போதெல்லாம் நீங்கள் புதிய பொய் கட்ட வேண்டும். அதற்குப் பதில் உண்மையாகவே நடக்கப்போகிற, அவரே விரும்பிப் போகிற ஒன்றை எடுங்கள். அதில் மறைக்க வேண்டியது வீட்டில் என்ன நடக்கிறது என்பதை மட்டும்தான்.

நம் அம்மாவுக்குப் பிறந்தநாள் வெள்ளிக்கிழமை. பிறந்தநாளில், அதுவும் வெள்ளியில், அவர் கோயிலுக்குப் போகாமல் இருக்க மாட்டார். ஆகவே மறைகதை: "பின்னேரம் கோயிலில் உங்கட பேரில அர்ச்சனை." அது உண்மையாகவே நடக்கும். கடவுள் பெயரைச் சொல்லி ஏமாற்றினீர்கள் என்று பிறகு யாரும் குறை சொல்ல முடியாது. இன்னொரு இலாபமும் உண்டு. கோயிலுக்கு என்றால் அவர் நல்ல சேலை உடுத்து, தலை வாரி, பூ வைத்து வருவார். வீட்டு உடுப்போடு முப்பத்தைந்து பேருக்கு முன் நிற்க வைத்துப் படமெடுத்தால் பல அம்மாமார் மன்னிக்க மாட்டார்கள். எனக்கு இதுவே கோயிலைத் தெரிவுசெய்வதற்குப் போதுமான காரணம்.

எந்தக் கோயில் என்பதில் ஒரு கணக்கு இருக்கிறது. கோணேஸ்வரம் என்றால் கோட்டை வாசலால் போய், மான்களைத் தாண்டி, சுவாமி மலைக்கு ஏறி, கும்பிட்டு, கடலைப் பார்த்துச் சிறிது இருந்து வருவதற்குள் நேரம் தாராளமாகப் போகும். வீட்டில் வேலை செய்பவர்களுக்கு அது வசதி. ஆனால் அம்மாவுக்கு முழங்கால் வலி என்றால் மலையைச் சொன்னவுடன் "ஏலாது" என்பார். அப்போது நகருக்குள் இருக்கும் பத்திரகாளி அம்மன் கோயில்தான் சரி. சமதரை, ஏற்றம் இல்லை. நேரம் மட்டும் குறைவாகப் போகும், அதை வேறு விதமாக நிரப்ப வேண்டும். மாலைப் பூசை எத்தனை மணிக்கு என்று கோயிலிலேயே முன்கூட்டிக் கேட்டுவிடுங்கள், திருவிழாக் காலத்தில் நேரம் மாறும்.

அப்படியும் "ஏலாது" என்றால் காரணத்தைப் பாருங்கள். களைப்பு என்றால், மத்தியானம் படுக்கவிட்டு மூன்றரைக்குத் தேத்தண்ணியோடு எழுப்புங்கள். காலையில் ஏற்கெனவே கோயிலுக்குப் போய்விட்டார் என்றால் அது நீங்கள் விட்ட ஓட்டை. காலையில் போகாமலிருக்க, இரண்டு நாள் முன்னரே "பின்னேர அர்ச்சனைக்குச் சொல்லியாச்சு" என்று தெரிந்திருக்க வேண்டும். பக்கத்து வீட்டு அன்ரியும் கூட வருகிறார் என்றால் தடுக்காதீர்கள். அன்ரிக்கு விஷயத்தைச் சொல்லி அவரையே இளைய மகளுக்குத் துணையாக ஆக்குங்கள்.

வெள்ளிக்கிழமை என்பதால் இன்னொரு இடத்தில் கவனம். அம்மா அன்று மச்சம் தொட மாட்டார். மட்டன் ரோல்ஸும் மீன் பற்றிஸும் நிறைந்த மேசைக்கு முன்னால் விழா நாயகியே வெறும் தேத்தண்ணி குடிப்பது நன்றாக இராது. முழுவதும் மரக்கறி ஆக்குங்கள்: மரக்கறி ரோல்ஸ், உளுந்து வடை, கேசரி. கேக்கும் முட்டை போடாதது. அதை எல்லா பேக்கரியிலும் அன்றன்று எடுக்க முடியாது, முதலிலேயே சொல்லிவைக்க வேண்டும்.

இரண்டு மறைகதைகளை மட்டும் எடுக்கவே கூடாது என்பேன். ஒன்று, "தம்பிக்குச் சுகமில்லை, உடனே வாங்கோ" என்ற வகை. போர்க்காலத்தையும் சுனாமியையும் பார்த்த தலைமுறை இது. அவசரக் கோல் வந்தால் அவர்களுக்கு நெஞ்சு பதறும், அதற்குப் பிறகு கேக்கைக் கண்டு சிரிப்பு வராது. மற்றது, எல்லோரும் பிறந்தநாளை மறந்தது போல நடிப்பது. அறுபது வயதை யாரும் மறக்க மாட்டார்கள் என்பது அவருக்குத் தெரியும். உண்மையாகவே மறந்துவிட்டதாக அவர் நம்பினால், அன்று பகல் முழுவதும் தனியாக அழுதிருப்பார். காலையில் பாயசம் வைத்து, காலைத் தொட்டுக் கும்பிட்டு, சாதாரணமாக வாழ்த்துங்கள். "இவ்வளவுதான் இந்த முறை" என்று அவர் நினைப்பதே போதுமான மறைப்பு.

அறிகுறி: கடையில் யாரோ "என்ன ரீச்சர், வீட்டில விசேஷமாம்?" என்று கேட்டுவிட்டார்

கேட்டவர் எந்த வழியால் அறிந்தார் என்பதை முதலில் கண்டுபிடியுங்கள். பெரும்பாலும் ஆட்டோ அல்லது கேக். வழக்கமான ஆட்டோ அண்ணாவிடம் விஷயத்தைச் சொல்லிவிடுவதே நல்லது. சொல்லாமல் கதிரை ஏற்றினால் அவர் யோசிக்காமல் கேட்பார், சொன்னால் அவரே காவல் நிற்பார். கேக்குக்கு அம்மாவின் பெயரை எழுதவேண்டும், ஆனால் ஓடர் சித்தியின் பெயரிலும் சித்தியின் நம்பரிலும் இருக்கட்டும். வீட்டு நம்பரைக் கொடுத்தால் "கேக் ரெடி" என்ற கோலை அம்மாதான் எடுப்பார்.

வாய்விட்டாகிவிட்டது என்றால் கதையை மாற்ற வேண்டாம். "ஓம், பிறந்தநாளுக்கு அர்ச்சனை, பின்னேரம் ரெண்டு மூண்டு பேர் தேத்தண்ணிக்கு வருவினம்" என்பது உண்மைக்குப் பக்கத்தில் நிற்கும் பதில். எல்லோருக்கும் இந்த ஒரு வசனமே கொடுக்கப்பட்டிருந்தால் போதும். ஆளுக்கு ஒரு கதை சொல்வதுதான் ஆபத்து.

அறிகுறி: டொரண்டோவிலிருந்து நேரம் தப்பிக் கோல்

அம்மா கோயிலில் நிற்கும்போது கனடாவிலிருந்து மாமா எடுத்து, "என்ன அக்கா, ஆக்கள் எல்லாம் வந்திட்டினமோ?" என்பார். அவருடைய கணக்கில் விழா தொடங்கியிருக்கும். நேர வித்தியாசத்தை அவரவர் மனக்கணக்காகப் போட விடாதீர்கள். ஆகஸ்டில் இங்கே மாலை 6.45 என்றால் டொரண்டோவில் காலை 9.15, லண்டனில் பகல் 2.15. அங்கே குளிர்காலத்துக்குக் கடிகாரத்தைப் பின்னால் திருப்பிய பிறகு அது 8.15 ஆகவும் 1.15 ஆகவும் மாறும். டொரண்டோ அக்கா தன் பகுதிச் சொந்தங்களுக்கு அங்குள்ள நேரத்தை மட்டுமே எழுதி அனுப்ப வேண்டும், இலங்கை நேரத்தை எழுதவே கூடாது.

அதற்காக அன்று அம்மாவுக்கு எடுக்காதீர்கள் என்று தடுப்பதும் சரியில்லை. மூத்த மகள் பிறந்தநாளன்று எடுக்கவில்லை என்றால் அம்மா அதையே நினைத்துக்கொண்டிருப்பார். அவள் வழக்கம்போல எடுத்துப் பேசட்டும், கூடுதலாக எதுவும் பேசவேண்டாம். மாலையில் வீடியோ கோலை அம்மாவுக்கல்ல, மருமகளின் போனுக்கு எடுக்கட்டும். அந்தப் போனை யார் பிடிப்பது என்பதும், அது சார்ஜில் இருக்கிறதா என்பதும் முன்கூட்டி முடிவாக வேண்டும்.

அறிகுறி: வீடு ஆயத்தமாகவில்லை, அம்மா திரும்ப அவசரப்படுகிறார்

நேரத்தைக் கடைசியிலிருந்து பின்னுக்குக் கணக்கிடுங்கள். 6.45க்கு வாசல். கோயிலிலிருந்து உவர்மலைக்கு ஆட்டோவில் பதினைந்து நிமிடம் வையுங்கள், ஆகவே 6.30க்குப் புறப்பாடு. விருந்தினர் 6.15க்குள் உள்ளே இருக்க வேண்டும். அப்படியென்றால் அவர்களுக்குச் சொல்லும் நேரம் 5.45. நம்மவர்களுக்கு அரை மணி நேரத் தாமதத்தைக் கணக்கில் சேர்க்காமல் விட்டால் பிறகு வருந்துவீர்கள். சோடனைக்கு ஒரு மணி நேரம், ஆகவே அம்மா 4.45க்கு வெளிக்கிட வேண்டும். பலூன் ஊதுவதற்கு அந்த ஒரு மணி நேரத்தை நம்பாதீர்கள். பக்கத்து வீட்டில் பகலிலேயே ஊதி வைத்துவிட்டால் இங்கே கட்டுவது மட்டும்தான் வேலை.

இந்தக் கணக்கில் ஒரு பொறி இருக்கிறது. வெள்ளிக்கிழமை மம்மல் பொழுதில் வீட்டில் விளக்கு வைக்க வேண்டும். ஆகஸ்டில் ஆறரைக்குள் இருட்டத் தொடங்கிவிடும். நீங்கள் எவ்வளவு பேசி நிறுத்தினாலும் ஆறு மணி ஆனவுடன் அவர் மனம் சுவாமி அறைக்கு ஓடும். "காணும், வா போவம், விளக்கு வைக்க வேணும்" என்று எழுந்துவிடுவார். இதைச் சமாளிக்க அவரைப் பிடித்து வைப்பதில் பயனில்லை, விளக்குக் கவலையை எடுத்துவிட வேண்டும். வெளிக்கிடும்போதே, "அண்ணி வந்து விளக்கு வைக்கிறாவாம், நீங்கள் ஆறுதலாக் கும்பிடுங்கோ" என்று இளைய மகள் சொல்ல வேண்டும். அதன்படி மருமகள் உண்மையாகவே விளக்கு வைக்க வேண்டும். அவள் அந்த நேரத்தில் வீட்டில் இருப்பதற்கும் அது காரணமாகிவிடுகிறது.

இழுக்க வேண்டி வந்தால் இழுப்பதற்கு ஒரு சிறு வேலையைக் கையில் வைத்திருங்கள்: வழியில் பழம் வாங்குவது, வெற்றிலை வாங்குவது. பதினைந்து நிமிடம் கிடைக்கும். இரண்டாவது வேலை சொன்னால் சந்தேகம் வரும், அதனால் ஒன்றோடு நிறுத்துங்கள்.

கூட்டிப்போகிறவள் குறூப்பைத் திறக்கவே கூடாது. அவள் ஒருவருக்கு மட்டும், வாசலில் நிற்கும் மருமகளுக்கு மட்டும், இரண்டு செய்தி அனுப்புவாள். "அர்ச்சனை முடிஞ்சுது" என்றால் இன்னும் பத்து நிமிடத்தில் புறப்படுகிறோம். "வெளிக்கிட்டாச்சு" என்றால் ஆட்டோ நகர்ந்துவிட்டது. அம்மா எட்டிப் பார்த்தாலும் இரண்டும் அண்ணிக்குச் சொல்லக்கூடிய சாதாரண வசனங்கள். திரும்பி வரவேண்டிய செய்தி ஒன்றே ஒன்று: "விளக்கு வச்சாச்சு." அது வந்தால் வீடு ஆயத்தம். வராவிட்டால் பழம் வாங்கப் போக வேண்டும்.

அறிகுறி: வாசலிலேயே கண்டுபிடித்துவிட்டார்

வீடு இருட்டாக, எல்லோரும் மூச்சை அடக்கிக்கொண்டு உள்ளே. அம்மா படலையைத் திறக்கிறார். படிக்கட்டில் முப்பத்தைந்து சோடிச் செருப்பு.

சிரிக்கத் தோன்றும், ஆனால் நம் வீடுகளில் இதுதான் முதலில் காட்டிக்கொடுப்பது. வாசலில் நிற்பவர் ஒவ்வொருவர் செருப்பையும் ஒரு உரப்பையில் போட்டுக் குசினிப் பக்கம் கொண்டுபோய் வைக்க வேண்டும். மோட்டார்சைக்கிள்களை ஒழுங்கைக்குள் விடாமல் பிரதான வீதியிலேயே நிறுத்தச் சொல்லுங்கள். 6.15க்குப் பின்னர் வருபவர்கள் வீட்டுக்குள் வராமல் ஒழுங்கை முனையில் நிற்கட்டும், அம்மா உள்ளே போனபின் அவர்களும் சேர்ந்துகொள்ளலாம். சின்னப் பிள்ளைகளைக் கடைசி ஐந்து நிமிடம் பெரியவர்கள் மடியில் வைத்திருக்க வேண்டும். வடை பொரிக்கும் வாசனை ஒழுங்கைவரை வரும், ஆகவே பொரிப்பது சித்தி வீட்டிலேயே முடியட்டும்.

வீட்டை முழு இருட்டில் வைக்காதீர்கள். விளக்கு வைத்த வெள்ளிக்கிழமை வீடு இருட்டாக இருந்தால் அதுவே சந்தேகம், படியில் கால் தடுக்கவும் இடமுண்டு. வெளி பல்ப்பும் சுவாமி அறை விளக்கும் எரியட்டும், ஹோலை மட்டும் அணையுங்கள். அந்த நேரம் கரண்ட் போனால் பயப்பட வேண்டாம், சார்ஜ் லைட் இரண்டு ஆயத்தமாக இருந்தால் அதுவே நன்றாக அமையும். ஒக்டோபருக்குப் பின் என்றால் மழையை நினைத்து முற்றத்துக்குத் தகரப்பந்தல் சொல்லவேண்டும். ஆகஸ்டில் அந்தச் செலவு வேண்டாம்.

அம்மாவுக்குப் பிரஷர் அல்லது நெஞ்சு வருத்தம் இருந்தால் கத்திக் குதிக்கும் முறையை விடுங்கள். அப்போது வேறு ஒழுங்கு: ஆட்டோ ஒழுங்கைக்குள் திரும்பும்போது இளைய மகள், "அம்மா, வீட்டில கொஞ்சப் பேர் உங்களைப் பாக்க வந்திருக்கினம்" என்று சொல்லட்டும். உள்ளே லைட் போட்டபடி எல்லோரும் எழுந்து நின்று கைதட்டட்டும். கொஞ்சப் பேர் என்று எதிர்பார்த்து வந்து நிலாவெளித் தங்கச்சியையும், பழைய மாணவர்களையும், திரையில் டொரண்டோ மகளையும் ஒன்றாகக் காண்பதிலேயே வேண்டிய திகைப்பு இருக்கும்.

அறிகுறி: விழா முடிந்தபின் ஒரு வீட்டில் முகம் கோணுகிறது

அநேகமாக இரண்டு காரணங்களில் ஒன்று. அழைக்கப்படாத ஒருவர் ஸ்டேட்டஸில் படத்தைப் பார்த்திருப்பார். அல்லது யாரோ அம்மா வருவதற்கு முன்னரே சோடனைப் படத்தைப் போட்டு, அதை யாராவது அம்மாவுக்கு அனுப்பியிருப்பார்கள். இரண்டுக்கும் ஒரே விதி: மறுநாள் காலைவரை யாரும் படம் போடுவதில்லை. அந்த இரவுக்குள் மகன் பெயர்ப்பட்டியலை ஒருமுறை பார்த்து, தவறிய வீடு ஏதும் இருந்தால் மறுநாள் காலையிலேயே கேக்கும் பலகாரமும் கொண்டு அம்மாவோடு நேரே போக வேண்டும். போனில் சொல்லும் மன்னிப்பு இங்கே எடுபடாது.

காசுக் கணக்கையும் அன்றிரவே சின்னக் குறூப்பில் போட்டுவிடுங்கள்: யார் எவ்வளவு தந்தது, கேக்கு, சாப்பாடு, கதிரை, ஆட்டோ, மிச்சம். மிச்சம் இருந்தால் யாருக்கு எவ்வளவு திரும்ப என்றும் எழுதுங்கள். அது முடிந்ததும் பெரிய குறூப்பில் அம்மாவையே சேர்த்து, "உவர்மலை தண்ணி லைன்" என்ற பெயரை மாற்றுவதா விடுவதா என்று அவரையே கேட்கலாம். படங்களை அவர் அதிலேயே பார்த்துக்கொள்வார்.